ஐந்து தவணையா, இன்றே மொத்தமா: பங்கு வீட்டுக் கணக்கு

கேள்வி: காரைக்குடி பக்கம் ஐயா காலத்து வளவு வீட்டில் எங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பங்காளி ஒருவர் அதை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். வருடம் 6 லட்சம் வீதம் ஐந்து வருடத்தில் 30 லட்சம் தருகிறாராம். இல்லையென்றால் இன்றே மொத்தமாக 24 லட்சம். "6 லட்சத்தை ஏன் விட வேண்டும்" என்கிறான் அண்ணன். "கையில் வருவதை வாங்கு" என்கிறார்கள் அப்பச்சி. கணக்குப்படி எது சரி?

பதில்:

பேங்க் டெபாசிட்டுக்கு 7% வட்டி என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து தவணைகளின் இன்றைய மதிப்பு 24 லட்சத்து 60 ஆயிரம். முதல் தவணை இன்றிலிருந்து ஒரு வருடம் கழித்து வருகிறது என்று எடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். ஆக உங்கள் அண்ணன் நினைக்கிற 6 லட்ச வித்தியாசம் உண்மையில் 60 ஆயிரம்தான். இது இவ்வளவு சிறியதாக இருப்பதால், வட்டி விகிதம், முதல் தவணைத் தேதி, வரி, ஆளின் நாணயம் ஆகிய நான்கில் எது கொஞ்சம் அசைந்தாலும் முடிவு மாறிவிடும். அதனால் கணக்கை எப்படிப் போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அவர் தொகையை மாற்றிச் சொன்னாலும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரே ஒரு தவணையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இதே நாளில் 6 லட்சம் வரும். அதே 6 லட்சம் அன்றைக்கு என் கையில் இருக்க இன்றைக்கு எவ்வளவு டெபாசிட் போட வேண்டும்? 7% வட்டியில் ஒரு ரூபாய் ஒரு வருடத்தில் 1.07 ஆகிறது. எனவே 6,00,000-ஐ 1.07-ஆல் வகுத்தால் 5,60,748. இன்று இதைப் போட்டால் வருடக் கடைசியில் சரியாக 6 லட்சம். அப்படியென்றால் முதல் தவணையின் இன்றைய மதிப்பு இதுதான். இரண்டாவது தவணை இரண்டு வருடம் தள்ளி வருவதால் 1.07-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும்: 5,24,063. மூன்றாவது 4,89,779. நான்காவது 4,57,737. ஐந்தாவது 4,27,792. பெயர் எல்லாவற்றுக்கும் 6 லட்சம்தான், ஆனால் கடைசித் தவணை இன்றைய கணக்கில் நாலேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்தையும் கூட்டினால் 24,60,118 வருகிறது; பைசாவைத் தள்ளுவதில் ஒரு ரூபாய் முன்னே பின்னே இருக்கும்.

உண்டியல், அதாவது குறித்த தேதியில் பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டு, அதில் வியாபாரம் செய்த குடும்பங்களில் இது புதிதல்ல. தவணை தேதிக்கு முன்பே உண்டியலைப் பணமாக்க வருகிறவருக்கு, மீதி நாளுக்கு உண்டான வட்டியைக் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். இங்கே ஒரு உண்டியலுக்குப் பதில் ஐந்து உண்டியல், ஐந்துக்கும் வேறு வேறு தேதி. அவ்வளவுதான்.

போனில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரிலேயே இதைப் போட ஒரு வழி உண்டு. கடைசித் தவணையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 6,00,000-ஐ 1.07-ஆல் வகுங்கள், 5,60,748 வரும். திரையில் இருப்பதை அழிக்காமல் அதோடு 6,00,000 கூட்டி மறுபடி 1.07-ஆல் வகுங்கள், 10,84,811. மறுபடி 6,00,000 கூட்டி வகுத்தால் 15,74,590. அடுத்தது 20,32,327. ஐந்தாவது முறை 24,60,118. தவணைத் தொகை வருடத்துக்கு வருடம் மாறினாலும் இதே வழிதான். அந்தந்த வருடத்துத் தொகையைக் கூட்ட வேண்டும், கடைசி வருடத்திலிருந்து தொடங்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் போடுவதானால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரே வரி போதும்:

```
=PV(7%,5,-600000)
```

தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால்தான் விடை கூட்டல் எண்ணாக வரும்.

விடை சரியா என்று பார்க்க, பேரேட்டில் எழுதுவதுபோல எழுதிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 24,60,118 ரூபாயை 7% வட்டிக்குப் போட்டுவிட்டு, பங்காளி தருவதாகச் சொன்ன அதே தேதிகளில் அதே 6 லட்சத்தை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் வட்டி 1,72,208. 6 லட்சம் எடுத்த பின் இருப்பு 20,32,326.
இரண்டாம் வருடம் வட்டி 1,42,263. எடுத்த பின் இருப்பு 15,74,589.
மூன்றாம் வருடம் வட்டி 1,10,221. எடுத்த பின் இருப்பு 10,84,810.
நான்காம் வருடம் வட்டி 75,937. எடுத்த பின் இருப்பு 5,60,747.
ஐந்தாம் வருடம் வட்டி 39,252, கணக்கில் 5,99,999.

தள்ளிய பைசாவால் ஒரு ரூபாய் குறைகிறது. மற்றபடி ஐந்து தவணையும் எடுத்தாகிவிட்டது, கணக்கும் தீர்ந்துவிட்டது. இன்று 24,60,118 ஒரே தொகையாகக் கிடைத்தாலும் ஐந்து வருடம் 6 லட்சம் வந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான் என்பதற்கு இதுதான் நிரூபணம். இதை உங்கள் அண்ணனுக்கு எழுதிக் காட்டுங்கள், சூத்திரத்தைக் காட்ட வேண்டாம். அப்புறம் ஒன்றைக் கவனித்தீர்களா? கால்குலேட்டரில் பின்னோக்கி வந்தபோது திரையில் தெரிந்த எண்களும் இந்த இருப்புகளும் ஒன்றே, வரிசைதான் தலைகீழ். ஒவ்வொரு இருப்பும் அந்தத் தேதியில் மீதமுள்ள தவணைகளின் மதிப்பு. இது பின்னால் பயன்படும்.

இப்போது 24 லட்சத்தை அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். நான்கு தவணை வரை தடையில்லாமல் எடுக்கலாம். ஐந்தாம் வருடக் கடைசியில் கணக்கில் 5,15,680 தான் இருக்கும். அதாவது கடைசித் தவணையில் 84,320 ரூபாய் குறைகிறது. இன்றைய 60 ஆயிரம் ஐந்து வருடத்தில் 84 ஆயிரமாக வளர்ந்து நிற்கிறது, அதைத்தான் பார்க்கிறோம்.

ஊரில் சிலர் வேறு மாதிரி கணக்குச் சொல்வார்கள். "ஐந்து வருடம், 7 வட்டி, 35 ஆச்சு, 30 லட்சத்தை 1.35-ஆல் வகு" என்பார்கள். அப்படிப் போட்டால் 22 லட்சத்து 22 ஆயிரம்தான் வரும், உங்களுக்கு 24 லட்சம் பெரிய லாபம் போலத் தெரியும். முழு 30 லட்சமும் ஐந்தாம் வருடக் கடைசியில்தான் வருகிறது என்று எடுத்துக்கொண்டதுதான் அதில் உள்ள தவறு. முதல் தவணை ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிடுகிறதே. மனக்கணக்காகச் சரிபார்க்க வேண்டுமானால் நடுத் தேதியை எடுங்கள். தவணைகள் ஒன்று முதல் ஐந்து வருடம் வரை பரவியிருக்கின்றன, சராசரி மூன்று வருடம். 30 லட்சத்தை 1.07-ஆல் மூன்று முறை வகுத்தால் 24 லட்சத்து 49 ஆயிரம். சரியான விடையைவிடக் கொஞ்சம் குறைவாகவே எப்போதும் வரும், ஆனால் யாராவது உங்களிடம் 22 என்றோ 27 என்றோ சொன்னால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் தவணை எப்போது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பத்திரம் முடிக்கிற அன்றே முதல் 6 லட்சத்தைத் தருவதானால் ஐந்து தவணையும் ஒரு வருடம் முன்னே நகர்கின்றன. மொத்த மதிப்பை 1.07-ஆல் பெருக்கினால் 26,32,327 வருகிறது. ஒரே 30 லட்சம், ஒரே ஐந்து தவணை, ஒரு வருடம் முன்னே வந்ததற்கு 1 லட்சத்து 72 ஆயிரம் கூடுதல். அப்படியென்றால் 24 லட்சத்துக்குச் சம்மதிக்கவே கூடாது. பேச்சில் "வருடம் ஆறு" என்பதோடு விட்டுவிடுகிறார்கள்; தேதி பேசுவதில்லை. ஷீட்டில் இதற்கு =PV(7%,5,-600000,0,1) என்று கடைசியில் 1 சேர்க்க வேண்டும்.

அடுத்தது வட்டி விகிதம், இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். மேலே போட்ட 7% எங்கும் விதித்த எண் அல்ல. அந்தப் பணம் இன்று உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள், அது என்ன சம்பாதிக்கும் என்பதுதான் உங்கள் விகிதம். ரங்கூனில் கடை வைத்திருந்த நகரத்தார் மாதத்துக்கு ஒருமுறை முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். அந்த மாதத்துக் கணக்கெல்லாம் அதை ஒட்டியே ஓடியது. இன்று அப்படி எல்லோருக்கும் ஒரு விகிதம் கிடையாது, உங்களுக்கு உரியதை நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

பணத்தை டெபாசிட்டில்தான் போடப் போகிறீர்கள் என்றால், ஐந்து வருட டெபாசிட்டுக்கு உங்கள் பேங்க் இன்று என்ன தருகிறதோ அதைப் போடுங்கள். ஆனால் வீட்டில் கல்யாணக் கடனோ கடைக் கடனோ நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமையே வேறு. ஒரு ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 12%. இன்று வரும் பணத்தில் அந்தக் கடனை அடைத்தால் உங்களுக்கு மிச்சமாவது 12%. அந்த விகிதத்தில் ஐந்து தவணைகளின் இன்றைய மதிப்பு 21,62,866 மட்டுமே. அப்போது 24 லட்சத்தை யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம். அப்பச்சி சொல்வதும் இதை மனதில் வைத்துத்தானோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

இரண்டும் சமமாகிற விகிதம் ஏறக்குறைய 7.93%. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் பணம் வருடத்துக்கு 7.93%-க்கு மேல் சம்பாதிக்கும் என்றால் மொத்தத் தொகை நல்லது, அதற்குக் கீழே என்றால் தவணை நல்லது. பங்காளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், உங்களிடம் 24 லட்சம் கடன் வாங்கி 7.93% வட்டியோடு ஐந்து தவணையில் திருப்புகிறார். ஈடு இல்லாமல் ஒருவருக்கு அந்த வட்டிக்கு 24 லட்சம் கடன் கொடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொண்டாலும் பதில் கிடைக்கும்.

சிலர் வட்டியைக் கழித்த பிறகு, "விலைவாசி ஏறுமே" என்று இன்னொரு 5%-ஐயும் கழிப்பார்கள். அது இரண்டு முறை கழிப்பது. பேங்க் தரும் வட்டியிலேயே விலைவாசி உயர்வுக்கான ஈடும் அடங்கியிருக்கிறது, தவணையும் வெறும் ரூபாய்க் கணக்கில்தான் பேசப்பட்டிருக்கிறது. ஒருமுறை கழித்தால் போதும்.

வரியையும் பார்த்துவிட வேண்டும். வீட்டை விற்ற லாபத்துக்கான வரி, பணம் தவணையாக வந்தாலும், சொத்து கைமாறிய வருடத்திலேயே முழு விலைக்கும் வந்துவிடும். பத்திரத்தில் 30 லட்சம் என்று எழுதினால் 30 லட்சத்துக்கும், 24 என்றால் 24-க்கும். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு இப்போதுள்ள 12.5% வரியும் அதன்மேல் 4% செஸ்ஸும் சேர்த்தால், கூடுதலாக எழுதுகிற 6 லட்சத்துக்கு 78,000 ரூபாய் வரி. உங்கள் 60 ஆயிரம் லாபம் அதிலேயே போய்விடுகிறது. ஆனால் 24 லட்சத்தை டெபாசிட் போட்டால் அதன் வட்டிக்கும் வரி உண்டு. 20% வரி கட்டுகிறவருக்கு 7% வட்டி செஸ் போக 5.54% ஆகச் சுருங்கி, தவணைகளின் மதிப்பு 25 லட்சத்து 59 ஆயிரமாக ஏறுகிறது. அதில் 78,000-ஐக் கழித்தாலும் 24 லட்சத்துக்கு மேல் 80 ஆயிரம் நிற்கும். வருமான வரியே வராத பெரியவர் பெயரில் பங்கு இருந்தால் எதிர்ப்பக்கம் சாயும். வேறு வீடு வாங்கி விலக்குப் பெறப் போகிறீர்களா என்பதையும் சேர்த்து ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, பணம் வருமா என்பது. கடைசித் தவணை மட்டும் வராமல் போனால் உங்கள் கணக்கில் 4,27,792 ரூபாய் நஷ்டம். தவணையை ஏற்பதால் கிடைக்கிற அனுகூலம் 60 ஆயிரம். இரண்டையும் ஒப்பிட்டால், கடைசித் தவணை வராமல் போக ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே 24 லட்சம் வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவருகிறது. பங்காளியின் நாணயத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு மனிதருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், தொழில் நொடிக்கலாம், அவர் பிள்ளைகள் வேறு மாதிரி பேசலாம். நீங்களும் அவரும் ஒரே கோயில், ஒரே படைப்பு வீடு. தவணை தவறினால் போய் நின்று கேட்பதும் சங்கடம்.

தவணைதான் என்று முடிவானால் கிரயப் பத்திரத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒருக்காலும் எழுத விடாதீர்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்தெந்தத் தேதியில் என்பது பத்திரத்திலேயே இருக்கட்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-வது பிரிவின்படி, விலை முழுவதும் வராமல் சொத்து கைமாறினால் பாக்கித் தொகைக்கு விற்றவருக்கு அந்தச் சொத்தின் மேல் பொறுப்புரிமை உண்டு. பாக்கி இருப்பது பத்திரத்திலேயே இருந்தால், அவரிடமிருந்து பின்னால் வாங்குகிறவர் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பிடி நழுவிவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒன்றைக் கேட்பேன்: பத்திரம் அன்று 10 லட்சம் உடனே, மீதி தவணையில். 24,60,118-இல் 10 லட்சம் போனால் 14,60,118. ஐந்து தவணைகளின் மதிப்பைக் கண்டுபிடிக்க 6 லட்சத்தை 4.1002-ஆல் பெருக்கியதாகப் பார்த்தால் (24,60,118-ஐ 6,00,000-ஆல் வகுத்தால் வரும் எண் அது), திருப்பி வகுத்தால் தவணை கிடைக்கும்: 14,60,118-ஐ 4.1002-ஆல் வகுக்க, வருடத்துக்கு 3,56,109 ரூபாய். பத்திரத்தில் எழுதும் மொத்தம் 27 லட்சத்து 80 ஆயிரத்துக்குச் சற்று மேல் வரும், வரியும் அதற்கேற்பக் குறையும். கடைசித் தவணை நின்றுபோனாலும் இன்றைய மதிப்பில் இரண்டரை லட்சம் சுமார்தான் இழப்பு.

அவர் 6 லட்சத் தவணையையே பிடித்துக்கொண்டால், இடையில் முன்கூட்டியே முடித்துக்கொள்வதற்கும் ஒரு விதியை இப்போதே எழுதிவிடுங்கள். மூன்றாவது தவணை கட்டிய அன்றே மீதியையும் தீர்த்துவிடுகிறேன் என்று அவர் வந்தால், "12 லட்சம் கொடு" என்று நீங்கள் கேட்பதும் "8 லட்சத்துக்கு முடித்துக்கொள்" என்று அவர் கேட்பதும் வேண்டாம். பேரேட்டில் மூன்றாம் வருட இருப்பு என்னவோ அதுதான் தொகை: 10,84,810. இப்படி ஐந்து வரி இருப்புக் கணக்கையும், ஒப்புக்கொண்ட வட்டி விகிதத்தையும் பத்திரத்தோடு இணைப்பாக வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.